பூட்டு யாருக்கு, தாமதம் யாருக்கு

ஏடிஎம்மில் பின் நம்பரை மூன்று முறை தப்பாக அழுத்தினால் அன்றைக்கு அந்தக் கார்டு வேலை செய்யாது. யுபிஐ-யிலும் ஏறக்குறைய இதே கதைதான். மூன்று முறை தவறினால் பெரும்பாலான வங்கிகள் 24 மணி நேரத்துக்கு நிறுத்திவைக்கின்றன. நான்கு இலக்க பின்னுக்கு 10,000 சாத்தியங்கள் உண்டு. திருடன் குருட்டாம்போக்கில் மூன்று முறை முயன்றால் 10,000-த்தில் மூன்று வாய்ப்புதான் அவனுக்குக் கிடைக்கும். 1234 என்றும் பிறந்த வருஷம் என்றும் வைப்பவர்களை எண்ணினால் அவனுடைய வாய்ப்பு நன்றாகவே கூடும். ஆனாலும் இந்த ஏற்பாடு இத்தனை வருஷமாகத் தாக்குப்பிடிக்கிறது.

அது தாக்குப்பிடிப்பதற்கான காரணம் மூன்று என்ற எண்ணில் இல்லை. ஏடிஎம்மில் ஒரு தப்பான பின்னைப் போடுவதற்கே உங்கள் கார்டு கையில் இருக்க வேண்டும். யுபிஐ-யில் உங்கள் சிம் போட்டுப் பதிவு செய்த அதே போன் வேண்டும். முகம் தெரியாத ஒருவன் டெல்லியிலிருந்தோ துபாயிலிருந்தோ உங்கள் பெயரில் மூன்று தப்பைப் பதிய வைக்க முடியாது. ஆகவே அந்தப் பூட்டு திருடன்மேல் விழும், அல்லது மறதிக்காரரான உங்கள்மேல் விழும். உங்களைக் குறிவைத்து மூன்றாவது ஆள் அதைப் போட வழியில்லை.

அதே மூன்று முறை விதியைத் தூக்கி ஒரு இணையதளத்தின் லாகின் பக்கத்தில் வைத்தால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. அங்கே முயல்வதற்குக் கார்டும் வேண்டாம், போனும் வேண்டாம். யூசர் ஐடி தெரிந்தால் போதும். யூசர் ஐடி பெரும்பாலும் ரகசியமே இல்லை. மின்னஞ்சல் முகவரியாக இருக்கும், மொபைல் எண்ணாக இருக்கும், வரிசையாக ஏறிப்போகும் விண்ணப்ப எண்ணாக இருக்கும். ஒருவருடைய விண்ணப்ப எண் தெரிந்தால் அவருக்கு முன்னும் பின்னும் விண்ணப்பித்த ஆயிரம் பேருடைய எண்ணும் தெரிந்த மாதிரிதான். சின்ன நிரல் ஒன்றை எழுதி, ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று தப்பான பாஸ்வேர்டை அனுப்பினால் ஆயிரம் கணக்குகளும் பூட்டிக்கொள்ளும். கடைசித் தேதியன்று இதைச் செய்பவன் எந்தக் கணக்குக்குள்ளும் நுழையவில்லை, எதையும் திருடவில்லை. ஆனால் ஆயிரம் பேர் விண்ணப்பிக்க முடியாமல் போகிறது.

பென்னி பிங்காஸ், டோமாஸ் சாண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-ல் எழுதிய கட்டுரையிலேயே இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் ஆன்லைன் ஏலம். ஏலம் முடியும் தறுவாயில் தன்னை முந்திக் கேட்பவரின் பெயரில் ஒருவன் வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டுகளைப் போட்டுக்கொண்டே இருந்தால், போட்டியாளரின் கணக்கு பூட்டப்படும், பொருள் இவனுக்கு மலிவாகக் கிடைக்கும். யாரும் திட்டமிடாமலேகூட இது நடந்திருக்கிறது. 2008 நவம்பரில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ், அலுவலக நெட்வொர்க்குகளில் எளிய பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. அந்த முயற்சியில் ஊழியர்களின் கணக்குகள் பூட்டிக்கொண்டன. "என் கணக்கு லாக் ஆயிருச்சு" என்ற புகார்கள் குவிவதையே அந்த வைரஸ் உள்ளே வந்துவிட்டதற்கான அறிகுறியாக நிர்வாகிகள் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, கணக்கைப் பூட்ட வேண்டாம், தப்பு செய்யும் கணினியைத் தடுத்துவிடலாம் என்று அடுத்து தோன்றும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ஐபி முகவரி இருக்கிறது; ஒரே முகவரியிலிருந்து நிறையத் தப்பு வந்தால் அதை மட்டும் நிறுத்தலாம். இந்த யோசனை எங்கே உடைகிறது என்பதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டுக்காரர், பாதுகாப்பு ஆய்வாளர் லட்சுமண் முத்தையா.

2019-ல் அவர் இன்ஸ்டாகிராமின் பாஸ்வேர்டு மீட்பு வழியைச் சோதித்தார். மறந்துபோன பாஸ்வேர்டை மாற்ற, மொபைலுக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வரும்; பத்து நிமிடம் செல்லும். ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம் சாத்தியங்கள். பத்து நிமிடத்துக்குள் பத்து லட்சத்தையும் முயன்றுவிட்டால் எந்தக் கணக்கையும் திறக்கலாம். இன்ஸ்டாகிராம் இதை யோசிக்காமல் இல்லை, ஒரு வரம்பு வைத்திருந்தது. முத்தையா ஆயிரம் கோரிக்கைகளை அனுப்பியபோது ஏறக்குறைய 250 போய்ச் சேர்ந்தன, மீதி 750 தடுக்கப்பட்டன. வேறு ஒருவராக இருந்தால் வரம்பு வேலை செய்கிறது என்று விட்டிருப்பார். அவர் இரண்டு விஷயங்களைக் கவனித்தார். ஒன்று, 250 என்பது ஒரு வரம்புக்கு மிகப் பெரிய எண். இரண்டு, அந்த முகவரியை இன்ஸ்டாகிராம் நிரந்தரமாகத் தடைப்பட்டியலில் போடவில்லை.

முதல் விஷயத்துக்குக் காரணம் நேரம். சர்வர் ஒரு கோரிக்கை வந்ததும் எண்ணிக்கையைப் படிக்கிறது, வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறது, குறியீட்டைச் சரிபார்க்கிறது, பிறகு எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி எழுதுகிறது. ஒவ்வொன்றாக வந்தால் கணக்கு பிசகாது. நூறு கோரிக்கை ஒரே கணத்தில் வந்தால் நூறும் "இதுவரை பூஜ்யம்" என்று படிக்க இடமிருக்கிறது, ஏனென்றால் யாரும் இன்னும் கூட்டி எழுதவில்லை. நூறும் உள்ளே போய்விடும். எண்ணிக்கையை முதலில் கூட்டிவிட்டு, அந்தக் கூட்டலை யாரும் குறுக்கிட முடியாத ஒரே செயலாக வைத்து, அதற்குப் பிறகுதான் பாஸ்வேர்டைப் பார்க்க வேண்டும். முயற்சிகளை எண்ணும் எந்த நிரலிலும் நான் முதலில் தேடுவது இந்த வரிசையைத்தான். பல இடங்களில் அது தலைகீழாகவே எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது. வரம்பு ஐபி முகவரியோடு கட்டப்பட்டிருந்ததால், முகவரி மாறினால் எண்ணிக்கையும் புதிதாகத் தொடங்கியது. முத்தையா ஆயிரம் கணினிகளைப் பயன்படுத்தி, ஒரே கணக்குக்கு எதிராக இரண்டு லட்சம் குறியீடுகளைத் தடையில்லாமல் அனுப்பிக் காட்டினார். பத்து லட்சத்தையும் முடிக்க 5,000 முகவரிகள் தேவைப்படும். வாடகை மேகக் கணினிகளில் அதற்கு 150 டாலர் அளவுக்குத்தான் செலவாகும் என்று அவர் கணக்குச் சொன்னார். ஃபேஸ்புக் நிறுவனம் ஓட்டையை அடைத்து அவருக்கு 30,000 டாலர் பரிசளித்தது.

இது மீட்புக் குறியீட்டைப் பற்றிய கதை என்றாலும் பாஸ்வேர்டுக்கும் அப்படியே பொருந்தும். 2013 நவம்பரில் கிட்ஹப் தளத்தின்மேல் நடந்த தாக்குதலில், ஏறக்குறைய 40,000 ஐபி முகவரிகளிலிருந்து பாஸ்வேர்டுகள் மெதுவாக முயலப்பட்டன. ஒவ்வொரு முகவரியும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தட்டியது. முகவரிவாரியாக எண்ணிக்கொண்டிருக்கும் சர்வருக்கு இது 40,000 மறதிக்காரர்களாகத்தான் தெரியும்.

முகவரியைத் தடுப்பது திருடனுக்கு வலிக்கவில்லை. ஆனால் யாருக்கு வலிக்கும் என்பதற்கு வத்தலக்குண்டில் ஒரு பிரவுசிங் சென்டரை நினைத்துக்கொண்டால் போதும். தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். நிலக்கோட்டை, பட்டிவீரன்பட்டி, விருவீடு பக்கமிருந்து வந்த பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். கடையில் நான்கைந்து கணினிகள், ஒரே ஒரு இணைய இணைப்பு. வெளியே இருக்கும் சர்வருக்கு இந்த எல்லோரும் ஒரே ஐபி முகவரி. ஒவ்வொருவரும் பாஸ்வேர்டை ஒன்றிரண்டு முறை தப்பாகப் போடுவார்கள். போன வருஷம் வைத்த பாஸ்வேர்டு யாருக்கு நினைவிருக்கும்? பத்துப் பேர் முடிவதற்குள் முகவரியின் வரம்பு தாண்டிவிடும். பதினோராவது பிள்ளை சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் கதவு திறக்காது. "அண்ணே, சரியாத்தான் போடுறேன், லாக் ஆயிருச்சுன்னு வருது" என்று அவள் சொல்வாள். கடைக்காரருக்கும் காரணம் தெரியாது.

மொபைல் இணைப்பில் இன்னும் மோசம். பழைய வகை ஐபி முகவரிகள் பற்றாக்குறையாக இருப்பதால், செல்போன் நிறுவனங்கள் ஒரே முகவரியின் பின்னால் ஏராளமான வாடிக்கையாளர்களை வைக்கின்றன. அந்த முகவரியைத் தடுத்தால் சம்பந்தமே இல்லாத வேறு ஊர்க்காரர்களும் மாட்டிக்கொள்வார்கள். புதிய வகையான ஐபிவி6-ல் நேர் எதிர்ச் சிக்கல். ஒரு சாதாரண இணைப்புக்கே எண்ணிப் பார்க்க முடியாத அளவு முகவரிகள் கிடைக்கும் என்பதால், ஒவ்வொரு முகவரியையும் தனித்தனியாக எண்ணுவது வீண். முகவரியின் முதல் 64 பிட்டுகளை ஒரே இணைப்பாக எடுத்து எண்ணினால்தான் ஏதாவது பயன் உண்டு.

கணக்கை எண்ணினால் அப்பாவி பூட்டப்படுகிறார். முகவரியை எண்ணினால் திருடன் தப்புகிறான், கடைக்காரர் மாட்டுகிறார். அப்படியானால் எதை எண்ணுவது? ஏடிஎம்மில் கார்டு செய்த வேலையை இங்கேயும் ஏதாவது ஒன்று செய்ய வேண்டும். பிங்காஸும் சாண்டரும் காட்டிய வழி அதற்கு அடித்தளமானது. ஒரு கணினியில் நீங்கள் ஒருமுறை வெற்றிகரமாக உள்ளே வந்துவிட்டால், சர்வர் அந்த பிரவுசரில் ஒரு குக்கியை விட்டுவைக்கும். அடுத்த முறை அந்தக் குக்கியோடு வருபவர் தெரிந்தவர். குக்கி இல்லாமல் வருபவர் தெரியாதவர். இரண்டு பேருக்கும் தனித்தனி எண்ணிக்கை.

இந்தக் குக்கியைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இது உள்ளே விடும் சாவி அல்ல. பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கும் வரிசையில் நிற்பதற்கான சீட்டு, அவ்வளவே. அதில் யூசர் ஐடியும் சீரற்ற முறையில் எடுத்த ஒரு நீண்ட எண்ணும் இருக்கும். சர்வர் தன் ரகசியச் சாவியால் போட்ட கையொப்பமும் இருக்கும். ஆகவே யாரும் போலியாக ஒன்றைச் செய்ய முடியாது. ஒருவருடைய சீட்டைக் கொண்டு இன்னொருவரின் கணக்கை முயலவும் முடியாது. ஒரு சீட்டுக்குப் பத்துத் தப்பு என்று வரம்பு வைத்தால், அதைத் திருடினாலும் திருடனுக்குக் கிடைப்பது பத்து முயற்சிதான். அது தீர்ந்ததும் அந்தச் சீட்டு செல்லாது, அவன் தெரியாதவர் வரிசைக்குப் போய்விடுவான்.

இப்போது தாக்குதலை நடத்திப் பார்ப்போம். ஒரு மாணவி தன் சொந்த போனிலிருந்து வழக்கமாக லாகின் செய்கிறாள். யாரோ ஒருவன் அவள் விண்ணப்ப எண்ணை வைத்துக்கொண்டு ஐயாயிரம் முகவரிகளிலிருந்து தட்டுகிறான். எத்தனை முகவரியாக இருந்தாலும் அவனிடம் அவளுடைய சீட்டு இல்லை. அத்தனை முயற்சியும் ஒரே எண்ணிக்கையில், "இந்தக் கணக்கு, தெரியாத கருவி" என்ற ஒரே பெட்டியில் விழுகின்றன. முகவரியை மாற்றுவதால் அவனுக்கு லாபமில்லை. பெட்டி நிறைந்ததும் தெரியாத கருவிகளுக்கு மட்டும் கதவு மெதுவாகிறது. அவள் போனில் சீட்டு இருக்கிறது; அவளுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

மைக்ரோசாஃப்ட் தன் என்ட்ரா சேவையில் இதே எண்ணத்தை வேறு வடிவில் வைத்திருக்கிறது. வழக்கமான இடத்திலிருந்து வரும் தப்புகளுக்கு ஒரு எண்ணிக்கை, பழக்கமில்லாத இடத்திலிருந்து வருபவற்றுக்கு இன்னொன்று. இயல்பாகப் பத்துத் தப்புக்குப் பிறகு ஒரு நிமிடம் பூட்டும்; மேலும் தொடர்ந்தால் நேரம் நீளும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விவரம். ஒரே தப்பான பாஸ்வேர்டு திரும்பத் திரும்ப வந்தால் அதை மறுபடி எண்ணுவதில்லை. இதற்குக் காரணம் நாமே. பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, பழைய போனில் இருக்கும் மின்னஞ்சல் செயலியை மறந்துவிடுவோம். அது பழைய பாஸ்வேர்டையே மணிக்கு மணி அனுப்பிக்கொண்டிருக்கும். எண்ணினால் நம் போனே நம்மைப் பூட்டிவிடும். யூகிக்க வருகிற திருடன் ஒரே பாஸ்வேர்டை இரண்டு முறை போடமாட்டான், அதனால் இந்தச் சலுகை அவனுக்கு உதவாது.

அடுத்தது தாமதத்தின் அளவு. ஒவ்வொரு தப்புக்கும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்குவது வழக்கம்: 1 விநாடி, 2, 4, 8 என்று. பத்துத் தப்பு வரை போனால் மொத்தம் 1,023 விநாடி, அதாவது சுமார் 17 நிமிடம். மனிதருக்கு முதல் நான்கைந்து தப்பு உறைக்காது, நிரலுக்கு உடனே உறைக்கும். ஆனால் இரட்டிப்பை எல்லையில்லாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் நாள்கணக்காகிவிடும். அது மறுபடி பூட்டுதான். ஆகவே ஒரு உச்சவரம்பு வேண்டும். பதினைந்து நிமிடம் என்று வைப்போம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முயற்சி என்றால் ஒரு நாளைக்கு 96. கேட்கக் குறைவாக இருக்கிறது. ஆனால் மக்கள் அதிகம் வைக்கும் பாஸ்வேர்டுகள் 10,000 கொண்ட பட்டியலை ஒருவன் கையில் வைத்திருந்தால், 104 நாளில் முடித்துவிடுவான். அவசரமில்லாத நிரலுக்கு 104 நாள் ஒரு பொருட்டே இல்லை.

எனவே தாமதம் மட்டும் போதாது, மொத்த எண்ணிக்கைக்கும் ஒரு தடை வேண்டும். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு கணக்குக்குத் தொடர்ச்சியான தப்பு 100-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்தது. மூன்று அல்ல, ஐந்து அல்ல, நூறு. நம்மூர்ப் பழக்கத்துக்கு இது தாராளமாகத் தெரியும். ஆனால் ஆறு இலக்கக் குறியீட்டுக்கு நூறு முயற்சி என்றால் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புதான். அதே வழிகாட்டி, முப்பது விநாடியில் தொடங்கி ஒரு மணி நேரம் வரை காத்திருக்க வைப்பதையும், முன்பு வெற்றிகரமாக வந்த இடங்களைத் தனியாக நடத்துவதையும், உண்மையானவர் அந்த நூறைத் தொடாமல் காக்கும் வழிகளாகச் சொன்னது. மூன்றில் பூட்டும் தளம் தன்னைக் கண்டிப்பானது என்று நினைத்துக்கொள்ளும். அது கூடுதலாகத் தடுப்பது மறதிக்காரர்களைத்தான்.

இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் தப்பிவிடும் ஒரு தாக்குதல் இருக்கிறது. ஒரே கணக்குக்கு ஆயிரம் பாஸ்வேர்டு போடாமல், ஆயிரம் கணக்குக்கு ஒரே பாஸ்வேர்டைப் போடுவது. ஒவ்வொரு கணக்கிலும் ஒரே ஒரு தப்புதான் பதிவாகும், எந்தப் பெட்டியும் நிறையாது. இதைக் கணக்குவாரியாகப் பார்த்தால் தெரியாது. மொத்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். வத்தலக்குண்டு கடையும் ஒரே முகவரியிலிருந்து பல கணக்குகளைத் திறக்கிறது, தாக்குபவனும் அதையே செய்கிறான். இரண்டையும் பிரித்துக் காட்டுவது வெற்றிகளின் விகிதம். கடையில் பிள்ளை இரண்டு முறை தவறி மூன்றாம் முறை உள்ளே போவாள். தப்புகளோடு வெற்றிகளும் கலந்து வரும். தாக்குபவனின் முகவரியில் நூற்றுக்கணக்கான தப்புகள் நடுவே வெற்றி அபூர்வம். ஆகவே வெற்றி வராத முகவரியை மட்டும் தாமதப்படுத்தினால் கடை தப்பிக்கும்.

இனி, சீட்டு முறையின் பலவீனம். கடைக்கு வந்த பிள்ளையிடம் சீட்டு இருக்காது. பல சென்டர்களில் இன்காக்னிட்டோவில்தான் திறந்து கொடுப்பார்கள். அடுத்தவர் கண்ணில் படாமலிருக்க அது சரியான பழக்கமும்கூட. சில இடங்களில் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் இருக்கும்; கணினியை அணைத்துப் போட்டால் அன்றைக்குச் சேர்ந்த அத்தனையும், குக்கி உட்பட, அழிந்துவிடும். ஆகவே அவள் எப்போதும் தெரியாத கருவியிலிருந்துதான் வருகிறாள். அவள் கணக்கை யாராவது அந்த நேரத்தில் தட்டிக்கொண்டிருந்தால், திருடனோடு அதே பெட்டியில் அவளும் நிற்க வேண்டியதுதான். சொந்த போன் இருப்பவருக்குப் பாதுகாப்பு, இல்லாதவருக்குப் பூட்டு என்று முடிவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இதற்கு ஒரு பக்கவாசல் வேண்டும். தெரியாதவர் பெட்டி நிறைந்துவிட்டால், "பதிவு செய்த மொபைலுக்கு ஓடிபி அனுப்பவா?" என்று பக்கம் கேட்கட்டும். ஓடிபி சரியாக இருந்தால் அந்த பிரவுசருக்கு அரைமணி நேரச் சீட்டு ஒன்று கிடைக்கும். அதை வைத்து அவள் பாஸ்வேர்டைப் போடுவாள். இங்கேதான் முத்தையா கண்ட ஓட்டையை மறக்கக் கூடாது. ஓடிபியின் தப்புகளை முகவரியோடும் எண்ணக் கூடாது, கணக்கோடும் எண்ணக் கூடாது. அந்த ஒரு ஓடிபியோடு எண்ண வேண்டும். ஐந்து தப்பில் அந்த ஓடிபி செத்துவிடும், கணக்குக்கு ஒன்றும் ஆகாது. ஓடிபியைக் கேட்ட அதே பிரவுசரிலிருந்து வந்தால்தான் அது செல்ல வேண்டும். இல்லையென்றால் எங்கோ இருப்பவன் ஐந்து தப்பைப் போட்டு அவளுடைய ஓடிபியைக் கொன்றுவிடுவான்.

ஓடிபி கேட்கும் பொத்தானையே ஆயுதமாக்கி அவள் போனைக் குறுஞ்செய்தியால் நிரப்ப முடியுமே என்று கேட்கலாம். முடியும். அதனால் ஒரு எண்ணுக்கு மணிக்கு இத்தனை என்று வரம்பு வைக்கிறார்கள். அந்த வரம்பையும் வேண்டுமென்றே நிரப்பி, அவள் கேட்கும்போது வராமல் செய்ய முடியும். அந்த இடத்தில் கேப்சா போன்ற மனிதச் சோதனை ஒன்றை முன்னால் வைத்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தாக்குபவனின் செலவைக் கூட்டுவதுதான் கையில் இருக்கும் வழி. ஐயாயிரம் முகவரிக்கு 150 டாலர் போதும் என்ற கணக்கு, ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு கேப்சாவை ஆள் வைத்துத் தீர்க்க வேண்டியிருந்தால் வேறு கணக்காகிவிடும்.

நான் இன்னும் நல்ல விடை காணாத இடம் பதிவு செய்த மொபைல் எண். கிராமத்தில் ஒரு வீட்டில் ஒரு போன், அது அப்பாவிடம். பிள்ளை கடையில் நிற்கும்போது அவர் தோட்டத்தில் இருப்பார், அல்லது சிக்னல் இல்லாத மலைப்பக்கம் போயிருப்பார். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்த கடைக்காரர் தன் சொந்த எண்ணையே பதிந்துவிடுவதும் நடக்கிறது. இவர்களுக்கு ஓடிபி பக்கவாசல் திறக்காது. பதிவு செய்யும் நாளிலேயே ஒருமுறை மட்டும் செல்லும் எட்டுப் பத்து மீட்பு எண்களை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டால், ஹால் டிக்கெட்டோடு சேர்த்து அதைப் பத்திரப்படுத்தலாம். போன் இல்லாதபோது அந்தத் தாளில் உள்ள ஒரு எண்ணைப் போட்டு உள்ளே வரலாம். கூகுளும் கிட்ஹப்பும் தங்கள் பயனர்களுக்கு இப்படிப்பட்ட எண்களைத் தருகின்றன. விண்ணப்பத் தளங்களும் தரலாம், ஒரு தாளின் செலவுதான்.